விமானத்தில் குழந்தையின் கார் சீட்: எந்த லேபிள் வேண்டும், எப்படிக் கட்டுவது

கேள்வி: "பொண்ணுக்கு இரண்டேகால் வயசு. 12 கிலோ, 86 செ.மீ. உயரம். டல்லாஸ்ல இருந்து நியூயார்க் வரைக்கும் ஒரு அமெரிக்க விமானம், அங்கிருந்து வளைகுடா வழியா சென்னைக்கு வேற கம்பெனி விமானம். அவளுக்குத் தனி டிக்கெட் எடுத்தாச்சு. கார் சீட்டையே விமானத்துல போடலாமா, இல்ல கேர்ஸ் பெல்ட் வாங்கணுமா? ஏதோ லேபிள் இருக்கணும்னு சொல்றாங்க, அது எங்க இருக்கும்? எப்படி மாட்டுறது?"

முதலில் ஒன்று. இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு அமெரிக்கச் சட்டம் கேட்பது தனி இருக்கையும் விமானத்தின் இடுப்பு பெல்ட்டும் மட்டுமே. கார் சீட் கட்டாயம் இல்லை. ஆனால் 18 கிலோ (40 பவுண்டு) ஆகும் வரை கார் சீட்டோ ஹார்னஸோ போடுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ அழுத்திச் சொல்கிறது. இரண்டேகால் வயதுக் குழந்தைக்கு இடுப்பெலும்பு சின்னது, கால் சீட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்காது. அதனால் உடம்பை முன்னால் சறுக்கிச் சறுக்கி உட்காரும், இடுப்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றின் மேல் ஏறிவிடும். விமானம் திடீரென்று குலுங்கும்போது அது வயிற்றை அழுத்தும், இல்லையென்றால் குழந்தை அடியில் நழுவும். தோள் பட்டை தேவைப்படுவது இதற்காகத்தான்.

கேர்ஸ் என்பது விமானத்தின் இடுப்பு பெல்ட்டோடு சேர்த்து மாட்டும் தோள் பட்டை ஹார்னஸ். உங்கள் மகளின் எடைக்கும் உயரத்துக்கும் கார் சீட், கேர்ஸ் இரண்டுமே பொருந்தும். எதை எடுப்பது என்பதைச் சென்னையில் இறங்கியபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே கார்ப் பயணம் நிறைய இருந்தால் கார் சீட்டைக் கொண்டுபோய் விமானத்திலும் அதையே கட்டுங்கள். சொந்தக்காரர் வீட்டில் ஏற்கெனவே ஒரு சீட் இருந்தால் கேர்ஸ் போதும், அது அரைக் கிலோ கூட இருக்காது, கைப்பையில் அடங்கிவிடும். ஆனால் கேர்ஸைக் காரில் போடவே கூடாது. அதன் லேபிளே விமானத்துக்கு மட்டும் என்றுதான் சொல்கிறது.

இனி லேபிள். அமெரிக்காவில் விற்கும் கார் சீட்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ அடியிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு வாக்கியங்களைத் தேடுங்கள். முதலாவது, அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்புத் தரங்களுக்கு இந்தச் சீட் இணங்குகிறது என்பது. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது, சிவப்பு எழுத்தில் இருக்கும்: "திஸ் ரெஸ்ட்ரெயின்ட் இஸ் சர்ட்டிஃபைட் ஃபார் யூஸ் இன் மோட்டார் வெஹிக்கிள்ஸ் அண்ட் ஏர்கிராஃப்ட்." விமானப் பணியாளர்கள் தேடுவதும் இந்தச் சிவப்பு வரியைத்தான். விமானத்துக்கான சான்று பெற, சீட்டில் பொம்மையைக் கட்டித் தலைகீழாகச் சுழற்றும் சோதனை ஒன்று உண்டு. காருக்கு மட்டும் சான்று வாங்கிய சீட்டுக்கு அது கிடையாது. எனவே "காருக்கு ஆகும் என்றால் இதற்கும் ஆகும்தானே" என்ற வாதம் விமான வாசலில் எடுபடாது. வீட்டிலேயே அந்த வரியைக் கண்டுபிடித்து, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கட்டியபின் ஸ்டிக்கர் மறைந்துவிடும். அதனால் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், கட்டியதை அவிழ்த்துக் காட்டும் தொல்லை மிச்சமாகலாம். ஆனால் படம் ஸ்டிக்கருக்கு மாற்று ஆகாது. ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் புறப்படுவதற்கு முன்பே தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

பூஸ்டர் சீட்டுகளில் இதற்கு நேர்மாறான வரி இருக்கும், விமானத்தில் பயன்படுத்தச் சான்றளிக்கப்படவில்லை என்று. காரணம் எளிது. பூஸ்டர் என்பது குழந்தையை உயர்த்தி உட்காரவைத்துக் காரின் தோள் பெல்ட்டைச் சரியான இடத்தில் விழ வைக்கும் பலகை. விமானத்தின் சாதாரண இருக்கையில் தோள் பெல்ட்டே இல்லை. சில சீட்டுகள் ஹார்னஸ் இருக்கும்போது ஒரு வகை, ஹார்னஸைக் கழற்றினால் பூஸ்டர். அவற்றை ஹார்னஸோடு மட்டும் விமானத்தில் போடலாம், லேபிளிலும் அப்படியே எழுதியிருக்கும்.

கேர்ஸின் லேபிள் வேறு மாதிரி. அதன் பட்டையில் தைத்திருக்கும் துணித் துண்டில், எஃப்ஏஏ ஒப்புதல், அமெரிக்க மத்திய அரசு விதித்தொகுப்பின் 14 சிஎஃப்ஆர் 21.8(டி) விதி (பழையதில் 21.305(டி)), "அப்ரூவ்ட் ஃபார் ஏர்கிராஃப்ட் யூஸ் ஒன்லி" என்று இருக்கும். இதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பார்க்க அச்சு அசலாக அதேபோல இருக்கும் "விமான ஹார்னஸ்"கள் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன, அந்தத் துணித் துண்டு மட்டும் இருக்காது. அவற்றை ஓடுபாதையில் ஓடும்போதும் மேலேறும்போதும் இறங்கும்போதும் போட அனுமதி இல்லை. உண்மையில் தேவைப்படும் நேரமே அதுதான்.

லண்டனிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வாங்கிய சீட்டை இரவல் தருவதாக யாராவது சொன்னால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் "ஈ" எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், ஐ.நா. தரம் ஆர்44 அல்லது ஆர்129. அந்த ஒப்புதலை அமெரிக்காவும் ஏற்கிறது. சிக்கல் கட்டுவதில் வரும். அந்தச் சீட்டுகளில் பல, காரின் மூன்று புள்ளி பெல்ட்டையோ ஐசோஃபிக்ஸ் கொக்கிகளையோ நம்பி வடிவமைக்கப்பட்டவை. இடுப்பு பெல்ட்டை மட்டும் வைத்துக் கட்டும் வழி கையேட்டில் இல்லையென்றால் விமானத்தில் அதைக் கட்ட முடியாது, ஸ்டிக்கர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. அமெரிக்கச் சீட்டுகளில் இடுப்பு பெல்ட் வழி இருக்கும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அப்புறம் உங்கள் பயணத்தின் இரண்டு பாதிகளுக்கும் விதி வேறு. டல்லாஸ் முதல் நியூயார்க் வரை அமெரிக்க நிறுவனம் ஓட்டுவதால் 14 சிஎஃப்ஆர் 121.311 பொருந்தும். குழந்தைக்கு டிக்கெட் இருந்து, சீட்டில் லேபிள் இருந்து, எடை வரம்புக்குள் இருந்தால் அவர்கள் மறுக்க முடியாது. எந்த இருக்கையில் வைப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லலாம். ஓர் இருக்கையில் சீட் பொருந்தவில்லை என்றால் அதே வகுப்பில் வேறு இருக்கையைப் பார்ப்பதும் அவர்கள் வேலை. வளைகுடா நிறுவனத்துக்கு அந்த விதி பொருந்தாது, அவர்களுடைய சொந்த விதிதான். சிலர் முன்னோக்கிய நிலையில் மட்டும் விடுவார்கள், சிலர் கேர்ஸைப் பெயர் சொல்லி ஏற்பார்கள், சிலர் முன்பே பதிவு செய்யச் சொல்வார்கள். கோட்ஷேர் டிக்கெட் என்றால் டிக்கெட்டில் பெயர் இருக்கும் நிறுவனத்தைக் கேட்காதீர்கள், விமானத்தை உண்மையில் ஓட்டும் நிறுவனத்தைக் கேளுங்கள். சீட்டின் பெயர், மாடல், அகலம், லேபிளின் படம் எல்லாம் போட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் தொலைபேசியில் பேசியதைச் சொல்லிப் பயனில்லை.

அந்த மின்னஞ்சலிலேயே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எங்கள் இருக்கையின் பெல்ட்டில் ஏர்பேக் இருக்கிறதா? சில வரிசைகளில், குறிப்பாகத் தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையிலும் உயர் வகுப்புகளிலும், பெல்ட்டுக்குள்ளேயே காற்றுப்பை இருக்கும். தொட்டால் பெல்ட் தடிமனாக, மெத்தென்று இருக்கும். அதில் கார் சீட் கட்டக் கூடாது. கால் நீட்ட இடம் கிடைக்கும் என்று முதல் வரிசையைக் கேட்டு வாங்கும் பெற்றோர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவசர வழி வரிசையிலும் கார் சீட் கூடாது. ஜன்னல் இருக்கையை எடுங்கள், மற்றவர் வெளியேறும் பாதையைச் சீட் மறிக்காது.

அகலத்துக்கு வருவோம். 16 அங்குலத்துக்கு உட்பட்ட சீட் பெரும்பாலான விமான இருக்கைகளில் பொருந்தும் என்பது எஃப்ஏஏவின் கணக்கு. சாதாரண வகுப்பு இருக்கைகள் பெரும்பாலும் 17, 18 அங்குலம். கார் சீட்டின் பெட்டியில் போட்டிருக்கும் 18 அல்லது 19 அங்குலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மிக அகலமான இடத்தின் அளவு, பல சமயம் கப் ஹோல்டரையும் சேர்த்தது. நீங்கள் அளக்க வேண்டியது கைப்பிடிகளுக்கு இடையே இறங்கும் அடிப்பாகத்தை. கப் ஹோல்டர் கழற்ற வருமானால் கழற்றிவிடுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வொரு விமானத்திலும் மிகக் குறுகிய, மிக அகலமான இருக்கையின் அளவைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள்.

அடுத்து, எந்தப் பக்கம் பார்த்து உட்காரவைப்பது? காரில் அவள் இன்னும் பின்னோக்கி உட்காரலாம், அதுவே நல்லது. விமானத்தில் சாதாரண வகுப்பில் முன்னோக்கியும் பின்னோக்கியும் வைக்கக்கூடிய பெரிய கன்வெர்ட்டிபிள் சீட்டைப் பின்னோக்கி வைத்தால் முன்னால் இருப்பவர் சாயவே முடியாது, சில சமயம் சீட்டே நுழையாது. 9 கிலோ தாண்டிய குழந்தைக்கு முன்னோக்கிய சீட்டை எஃப்ஏஏ ஏற்கிறது. ஆனால் உங்கள் சீட்டின் கையேடு என்ன சொல்கிறது என்பதுதான் முடிவு. சில சீட்டுகள் முன்னோக்கி வைக்க இரண்டு வயதும் 25 பவுண்டும் கேட்கும், சில 30 பவுண்டு கேட்கும். உங்கள் மகள் 26 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. முதல் வகையில் தேறிவிடுவாள், இரண்டாவது வகையில் பின்னோக்கித்தான் வைக்க வேண்டும். முன்னோக்கி என்று முடிவானால் வீட்டிலேயே ஹார்னஸ் பட்டைகளைத் தோளின் மட்டத்துக்கோ சற்று மேலேயோ மாற்றிவிடுங்கள். பின்னோக்கி என்றால் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ. விமானத்தின் நடைபாதையில் நின்று இதைச் செய்ய முடியாது.

இனிக் கட்டுவது. குழந்தையோடு வருபவர்களை முதலில் ஏற்றினால் ஒருவர் சீட்டோடு ஏறுங்கள், மற்றவர் குழந்தையோடு கடைசியில் வரட்டும். காரில் கொக்கிக்கு இருக்கும் கீழ்ப் பட்டைகளையும் மேல் கயிற்றையும் சுருட்டிச் செருகிவிடுங்கள். விமானத்தில் அவற்றுக்கு மாட்டும் இடமே இல்லை, இடுப்பு பெல்ட் மட்டும்தான் பிடிமானம். நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடியை உயர்த்தி, சீட்டை உள்ளே இறக்கி, முதுகோடு ஒட்டித் தள்ளுங்கள். முன்னோக்கிய நிலைக்கான பெல்ட் வழியைக் கண்டுபிடியுங்கள். சீட்டில் இரண்டு வழிகள் இருக்கும், பல சீட்டுகளில் பின்னோக்கியதற்கு நீலமும் முன்னோக்கியதற்குச் சிவப்பும் குறியாகப் போட்டிருப்பார்கள். முன்னோக்கிய வழி குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போகும்.

பெல்ட்டின் இரு முனைகளையும் அந்த வழியில் விட்டு, பூட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். கார் பக்கிளில் அழுத்தும் பொத்தான் இருக்கும், விமானப் பக்கிளில் தூக்கித் திறக்கும் மூடி. அந்த மூடி முழுதாக மேலே எழ இடம் வேண்டும். பெல்ட்டை இறுக்கியபின் பக்கிள் சீட்டின் கெட்டிப் பிளாஸ்டிக்கை ஒட்டி விழுந்தால், பூட்டும், ஆனால் திறக்காது. சென்னையில் எல்லோரும் இறங்கியபின் பணியாளர் ஒருவரோடு சேர்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதனால் முதலில் தளர்வாகப் பூட்டி, மூடியைத் தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் தடுத்தால் அவிழ்த்து, மூடி மறுபக்கம், மெத்தை இருக்கும் பக்கம் பார்க்கும்படி பக்கிளைத் திருப்பிப் பூட்டுங்கள். அப்படியும் பக்கிள் ஒரு விளிம்பில் சிக்கினாலோ பெல்ட் நீளம் போதாவிட்டாலோ பணியாளரிடம் பெல்ட் நீட்டிப்பு கேளுங்கள். அதைச் சேர்த்தால் பக்கிள் விழும் இடம் தள்ளிப்போகும்.

திறக்கிறது என்று உறுதியானபின் இறுக்குங்கள். முழங்காலைச் சீட்டில் ஊன்றி உடம்பின் எடையைக் கொடுத்துக்கொண்டே பெல்ட்டின் தொங்கும் நுனியை இழுங்கள். இறுக்கம் போதவில்லை என்றால் ஒரு வழி: விமான இருக்கையைச் சற்றுச் சாய்த்து, பெல்ட்டை இழுத்து, பிறகு இருக்கையை நிமிர்த்துங்கள். முதுகு முன்னால் வரும்போது மிச்சத் தளர்வு போய்விடும். இதே வித்தை அவிழ்க்கவும் உதவும். பெல்ட் அசையவே இல்லையென்றால் இருக்கையைச் சாய்த்ததும் தளர்ந்துவிடும்.

சோதிப்பது பெல்ட் போகும் இடத்தில் பிடித்து. அங்கே சீட் எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மேற்பகுதியைப் பிடித்து முன்னால் இழுத்தால் கொஞ்சம் வரும், மேல் கயிறு இல்லாததாலும் விமான இருக்கையின் முதுகே முன்னால் மடியக்கூடியது என்பதாலும் அப்படி. அதைப் பார்த்துக் கட்டியது சரியில்லை என்று நினைத்து மறுபடி அவிழ்க்க வேண்டாம். பிறகு குழந்தையை உட்காரவைத்து, தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி, ஹார்னஸை இறுக்கி, மார்புக் கிளிப்பை அக்குள் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தோளில் பட்டையைக் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. பக்கிள் முதுகில் உறுத்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்தபின் இரண்டு சங்கடங்கள் உண்டு. சீட்டின் உயரத்தால் சாப்பாட்டுத் தட்டு முழுதாக இறங்காது, அவளுடைய சாப்பாடு உங்கள் தட்டில்தான். அவள் கால் முன் இருக்கையின் முதுகுக்கு எட்டும், முன்னால் இருப்பவர் முதல் அரைமணியிலேயே திரும்பிப் பார்ப்பார். முன் இருக்கையில் உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேர்ஸ் என்றால் வேலை வேறு. எடை 10 முதல் 20 கிலோ, உயரம் ஒரு மீட்டர் வரை, தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்கு மட்டும். உங்கள் மகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் வரும். அதில் ஒரு சிவப்புப் பட்டை வளையமாக இருக்கும், அது விமான இருக்கையின் முதுகைச் சுற்றிப் போக வேண்டும். பின்னால் இருப்பவரின் தட்டைத் திறந்து, வளையத்தை மேலிருந்து மாட்டி, தட்டுக்கும் முதுகுக்கும் நடுவே இறக்குங்கள். பின்னால் ஆள் வந்து உட்காரும் முன் இதைச் செய்துவிட்டால் விளக்கம் சொல்லும் வேலை இல்லை. சிவப்புப் பட்டை குழந்தையின் தோளை ஒட்டியோ சற்று மேலேயோ நிற்கும்படி வைத்து இறுக்கி, பின் தட்டை மூடுங்கள். குழந்தையை முதுகு ஒட்ட உட்காரவைத்து, தோள் பட்டைகளின் அடியில் இருக்கும் வளையங்களில் விமான பெல்ட்டைக் கோத்து, இடுப்பில் தாழ்வாகப் பூட்டுங்கள். கடைசியில் மார்புக் கிளிப், தோள் பட்டை இறுக்கம்.

இதில் கால்களுக்கு நடுவே பட்டை கிடையாது. குழந்தை தூங்கினால் மெல்ல மெல்லக் கீழே சரியும், இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு வரும். அதனால் அரைமணிக்கு ஒருமுறை பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, சரிந்திருந்தால் தூக்கி உட்காரவைக்க வேண்டும். நீண்ட இரவுப் பயணத்தில் இது பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும். கார் சீட்டில் தலை சாய்க்கப் பக்கச் சுவர் இருக்கும், அவளுக்குப் பழகிய இடம், அப்படியே தூங்கிவிடுவாள். நியூயார்க்கிலிருந்து வளைகுடா வரையிலான அந்த நீண்ட துண்டுக்காகவே நான் கார் சீட்டின் பக்கம் சாய்கிறேன். உங்கள் இப்போதைய சீட் 12, 13 கிலோ எடை கொண்ட ரகமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். நான்கைந்து கிலோவில் எளிய கன்வெர்ட்டிபிள் சீட்டுகள் கிடைக்கின்றன, லேபிளைப் பார்த்து அதில் ஒன்றைப் பயணத்துக்கென்று வாங்குவது நல்லது.

சென்னைக்குப் போனதும் ஒரு விஷயம். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்து விட்டால் அது பூட்டிக்கொள்ளும், சீட் இறுக்கமாக நிற்கும். இந்தியக் கார்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது, திடீர் பிரேக் போட்டால் மட்டும் பூட்டும். அதனால் உங்கள் சீட்டிலேயே பெல்ட்டைப் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் "லாக்கிங் கிளிப்" என்ற சின்ன இரும்புத் துண்டு தேவைப்படும். சில சீட்டுகளோடு அது வந்திருக்கும், பெட்டியிலோ சீட்டின் பின்புறத்திலோ செருகியிருக்கும், கிளம்பும் முன் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் பேசும்போதே பின் சீட் பெல்ட்டும் பக்கிளும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள், சீட் கவருக்கு அடியில் புதைந்திருப்பது அங்கே சகஜம்.